சம்பளத்தில் கூடுதலாகப் பிடித்த டிடிஎஸ்: ஊதியப் பிரிவுக்குப் புகார் எழுதி, திருத்திய படிவம் 16 வாங்குவது எப்படி?

ஜனவரி மாத பே ஸ்லிப்பைத் திறந்தால் டிசம்பர் வரை ஒன்பதாயிரம் சொச்சமாக இருந்த வரிப் பிடித்தம் திடீரென இருபதாயிரத்தைத் தாண்டியிருக்கும். ஊதியப் பிரிவைக் கேட்டால், "சிஸ்டம் அப்படித்தான் கணக்குப் போட்டிருக்கிறது, அதிகமாகப் போயிருந்தால் ரீஃபண்டில் வந்துவிடும்" என்பார்கள். அந்தப் பதிலில் பாதி உண்மை. அதிகம் பிடித்த பணத்தை வருமான வரித்துறையிடமிருந்து திரும்பப் பெற முடியும் என்பது சரி. ஆனால் பிடித்தம் ஏறியதற்குக் காரணமான தவறான சம்பளத் தொகை, நிறுவனம் தரும் டிடிஎஸ் சான்றிதழான படிவம் 16-இல் அப்படியே உட்கார்ந்திருந்தால், நீங்கள் சரியான சம்பளத்தைக் காட்டித் தாக்கல் செய்யும் ரிட்டர்ன், நிறுவனம் அரசுக்குத் தந்த கணக்கோடு முட்டிக்கொண்டு நிற்கும். ஆகவே பணத்தைத் தனியாகவும் சான்றிதழைத் தனியாகவும் பார்க்க வேண்டும். இரண்டையும் ஒரே வரியில் "டிடிஎஸ் தப்பு, சரிசெய்யுங்கள்" என்று எழுதி அனுப்பும் புகார்களுக்குத்தான் பெரும்பாலும் உருப்படியான பதில் வருவதில்லை.

இங்கே எடுத்துக்கொள்ளும் உதாரணம் 2025-26 நிதியாண்டுக்கானது. அந்த ஆண்டுக்கு 1961-ஆம் வருட வருமான வரிச் சட்டம்தான் பொருந்தும். 2026 ஏப்ரல் 1 முதல் ஈட்டும் சம்பளத்துக்கு 2025-ஆம் வருடத்துப் புதிய சட்டம் வந்துவிட்டதால், பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறும்.

முதலில் பார்க்க வேண்டியது: தவறு யாருடையது?

புகார் எழுதும் முன் நம் பக்கத்தை ஒரு முறை சரிபார்த்துவிடுவது நல்லது. பழைய வரி முறை வேண்டும் என்று நிறுவனத்துக்குத் தெரிவிக்காமல் விட்டிருந்தால், அவர்கள் புதிய முறைப்படி பிடித்தது தவறில்லை. 2023-24 முதல் புதிய முறையே இயல்பான முறை. வாடகை ரசீதையோ முதலீட்டுச் சான்றுகளையோ கடைசித் தேதிக்குப் பிறகு கொடுத்திருந்தாலும் அப்படித்தான். பானும் ஆதாரும் இணைக்கப்படாமல் பான் செயலிழந்திருந்தால் குறைந்தது 20 சதவீதம் பிடிக்க வேண்டிய கட்டாயம் நிறுவனத்துக்கு உண்டு.

இவற்றில் முதல் இரண்டு நிலைகளில் படிவம் 16-ஐத் திருத்தச் சொல்லிப் போராடத் தேவையே இல்லை. மாதச் சம்பளம் மட்டும் வாங்குகிறவர் கடைசித் தேதிக்குள் ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது பழைய முறையைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். வீட்டு வாடகைப் படிக்கான விலக்கையும், 80சி போன்ற கழிவுகளையும், சான்று கையில் இருந்தால் ரிட்டர்னிலேயே கோரலாம். நிறுவனம் தனக்குக் கிடைத்த தகவல்படி சரியாகத்தான் கணக்கிட்டது. அதைப் பிழை என்று எழுதினால், உண்மையான பிழை வேறு எங்கேனும் இருந்தாலும் அது அடிபட்டுப்போகும்.

திருத்திய சான்றிதழ் கேட்க வேண்டியது, நிறுவனத்தின் பதிவில் இருக்கும் ஒரு தொகையே தவறாக இருக்கும்போதுதான். தராத பணத்தைத் தந்ததாகக் காட்டுவது, ஒரே தொகையை இரண்டு முறை சேர்ப்பது, பழைய நிறுவனத்துச் சம்பளத்தைப் படிவம் 12பி-யில் தந்ததைவிடக் கூட்டி எடுத்துக்கொள்வது, நிலைக்கழிவை விட்டுவிடுவது, பான் எண்ணை மாற்றிப் பதிவது எல்லாம் இந்த வகை. இவற்றில் மிகச் சாதாரணமாக நடக்கும் ஒன்றை முழுக் கணக்கோடு பார்ப்போம்.

போனஸ் இரண்டு முறை ஏறிய கணக்கு

ஒரு ஊழியரின் மாதச் சம்பளம் 1,15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 13,80,000. ஜனவரியில் 1,95,000 ரூபாய் போனஸ் வரும் என்பது முன்பே தெரியும். ஆக மொத்தம் 15,75,000. புதிய வரி முறை. நிலைக்கழிவு 75,000 போக வரிக்குரிய வருமானம் 15,00,000.

2025-26-க்கான அடுக்குகளின்படி முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. 4-லிருந்து 8 லட்சம் வரை 5 சதவீதம் என்றால் 20,000. 8-லிருந்து 12 வரை 10 சதவீதம், 40,000. 12-லிருந்து 15 வரையான மூன்று லட்சத்துக்கு 15 சதவீதம், 45,000. கூட்டினால் 1,05,000. அதன்மேல் 4 சதவீத செஸ் 4,200. ஆண்டு வரி 1,09,200. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 9,100.

ஊதிய மென்பொருள் ஏப்ரலிலேயே, வரப்போகும் போனஸை உத்தேசமாகச் சேர்த்து இந்த 9,100-ஐப் பிடிக்கத் தொடங்குகிறது. டிசம்பர் வரை ஒன்பது மாதத்தில் 81,900. இதுவரை எல்லாம் சரி. ஜனவரியில் போனஸ் உண்மையிலேயே வழங்கப்படுகிறது. அப்போது உத்தேசத் தொகையை நீக்கிவிட்டு உண்மைத் தொகையை வைக்க வேண்டும். நீக்காமல் விட்டால் 1,95,000 இரண்டு முறை கணக்கில் ஏறி, மொத்தச் சம்பளம் 17,70,000 என்று ஆகிவிடும். வரிக்குரிய வருமானம் 16,95,000. அதற்கு வரி, செஸ் சேர்த்து 1,44,560. ஏற்கெனவே பிடித்த 81,900 போக மீதி 62,660-ஐ மூன்று மாதத்தில் பிடித்தாக வேண்டும் என்று மென்பொருள் முடிவு செய்கிறது. மாதம் 20,886 அல்லது 20,887. கூடுதலாகப் போனது 35,360 ரூபாய்.

இந்தப் பிழையைக் கண்டுபிடிக்கப் பே ஸ்லிப் மட்டும் போதாது. ஊதியத் தளத்தில் வருமான வரிக் கணக்கீட்டுத் தாள் என்று ஒன்று இருக்கும். அதில் ஒவ்வொரு ஊதியக் கூறுக்கும் எதிரே இதுவரை வழங்கியது, இனி வழங்கப்போவது என இரண்டு பத்திகள் இருக்கும். போனஸ் வரிசையில் இரண்டு பத்தியிலும் 1,95,000 இருந்தால் பிழை கைக்குச் சிக்கிவிட்டது. அந்தப் பக்கத்தை அன்றே சேமித்து வையுங்கள். நிதியாண்டு முடிந்ததும் பல தளங்களில் அது மறைந்துவிடும். வேலையை விட்டுப் போனவர்களுக்கு உள்நுழையும் அனுமதியே போய்விடும்.

எப்போது எழுதுகிறோம் என்பதைப் பொறுத்து எதைக் கேட்பது மாறும்

ஜனவரிச் சம்பளம் வந்த உடனே எழுதினால் வேலை எளிது. அதே நிதியாண்டுக்குள், முன்பு அதிகமாகவோ குறைவாகவோ பிடித்ததை அடுத்த மாதங்களின் பிடித்தத்தில் சரிக்கட்டிக்கொள்ள 192(3) பிரிவு நிறுவனத்துக்கு அனுமதி தருகிறது. நம் கணக்கில் ஜனவரி வரை பிடித்தது 1,02,786. சரியான ஆண்டு வரியில் மீதி 6,414. பிப்ரவரியில் 3,207, மார்ச்சில் 3,207 பிடித்தால் கணக்கு நேராகிவிடும். படிவம் 16-உம் முதல் முறையே சரியாக வரும்.

பிப்ரவரிச் சம்பளமும் போன பிறகு எழுதினால், அதற்குள் 1,23,673 பிடிக்கப்பட்டிருக்கும். மார்ச் மாதம் பிடித்தமே வேண்டாம் என்று கேட்கலாம். அப்படிச் செய்தாலும் 14,473 அதிகமாகவே நிற்கும். சில நிறுவனங்கள் மார்ச் சம்பளத்தோடு அதையும் திருப்பித் தருகின்றன, பல நிறுவனங்கள் தருவதில்லை. அதை எதிர்பார்த்துச் செலவுக்குத் திட்டமிட வேண்டாம்.

மார்ச் சம்பளமும் முடிந்துவிட்டால் பணம் வரித்துறையிடம் போய்விட்டது. மார்ச் மாதம் பிடித்த வரியை ஏப்ரல் 30-க்குள் நிறுவனம் செலுத்தியாக வேண்டும். அதற்குப் பிறகு பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று ஊதியப் பிரிவிடம் கேட்பதில் பயனில்லை. பணத்துக்கு ரிட்டர்ன்தான் வழி. ஊதியப் பிரிவிடம் கேட்க வேண்டியது பதிவைத் திருத்தித் தருவதை மட்டும்.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு தேதி மே 31. சம்பள டிடிஎஸ் பற்றிக் காலாண்டுதோறும் தரும் 24க்யூ அறிக்கையில் கடைசிக் காலாண்டுக்கானதை நிறுவனம் அதற்குள் தாக்கல் செய்ய வேண்டும். ஒவ்வோர் ஊழியரின் முழு ஆண்டுச் சம்பளம், கழிவுகள், வரி ஆகியவை அந்த அறிக்கையின் இரண்டாம் இணைப்பில் போகின்றன. அதிலிருந்துதான் படிவம் 16-இன் பார்ட் பி உருவாகிறது. அறிக்கை இன்னும் போகவில்லை என்றால் ஊதியப் பிரிவு தன் கோப்பில் ஒரு வரியை மாற்றினால் போதும், பத்து நிமிட வேலை. போய்விட்டால் திருத்த அறிக்கை தாக்கல் செய்து, அது ஏற்கப்படும்வரை காத்திருந்து, வரித்துறையின் டிடிஎஸ் தளமான ட்ரேசஸ் தளத்திலிருந்து புதிய படிவத்தை இறக்க வேண்டும். ஏப்ரலிலும் மே முதல் வாரத்திலும் எழுதும் புகாருக்கு இருக்கும் வலு ஜூலையில் எழுதுவதற்கு இல்லை. ஜூன் 15-க்குள் படிவம் 16 கைக்கு வரட்டும், பார்த்துவிட்டு எழுதலாம் என்று பலர் காத்திருக்கிறார்கள். பிழை ஏற்கெனவே தெரிந்திருந்தால் அப்படிக் காத்திருக்க எந்தக் காரணமும் இல்லை.

படிவம் 16-இல் பிழை எந்தப் பகுதியில் இருக்கிறது?

பார்ட் ஏ என்பது காலாண்டு வாரியாக உங்களுக்குத் தந்த தொகை, பிடித்த வரி, அரசுக்குச் செலுத்திய வரி. பார்ட் பி என்பது சம்பளத்தின் பிரிவு, கழிவுகள், வரிக் கணக்கு. இரண்டும் ட்ரேசஸ் தளத்திலிருந்து இறக்கியவையாக இருக்க வேண்டும். ஊழியரால் அதை நேரடியாக இறக்க முடியாது, நிறுவனத்தால் மட்டுமே முடியும். நீங்களே பார்க்கக்கூடியவை, உங்கள் பானுக்கு எதிரே பதிவான வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையும் ஏஐஎஸ் என்ற வருடாந்தரத் தகவல் அறிக்கையும். இரண்டுக்கும் வருமான வரித் தளத்தில் உங்கள் கணக்கிலிருந்தே போகலாம்.

நம் உதாரணத்தில் பார்ட் ஏ-யைப் பாருங்கள். முதல் மூன்று காலாண்டும் தலா 3,45,000. கடைசிக் காலாண்டில் போனஸையும் சேர்த்து 5,40,000. கூட்டினால் 15,75,000. ஆனால் பார்ட் பி-யில் 17(1) பிரிவின்கீழ்ச் சம்பளம் 17,70,000 என்று இருக்கிறது. ஒரே சான்றிதழின் இரண்டு பகுதிகளே ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. வித்தியாசம் 1,95,000, போனஸ் தொகை அப்படியே. இதைவிட வலுவான ஆதாரம் புகாருக்குக் கிடைக்காது. இந்த ஒரு கூட்டலை மட்டும் எழுதி அனுப்பினாலே, விவரம் தெரிந்த ஊதிய அலுவலர் எங்கே பிழை என்று பிடித்துவிடுவார். (சில நிறுவனங்கள் பார்ட் ஏ-யில் விலக்குகள் போக மீதியைக் காட்டும். அப்போது பன்னிரண்டு பே ஸ்லிப்களின் கூட்டுத்தொகையை வைத்து ஒப்பிடுங்கள்.)

அடுத்து வரித் தொகை. பே ஸ்லிப்களில் பிடித்தது 1,44,560. பார்ட் ஏ-யிலும் 26ஏஎஸ்-இலும் அதே 1,44,560 இருந்தால் உங்கள் பணம் முழுவதும் உங்கள் பானுக்கு எதிரே வரித்துறையில் பத்திரமாக இருக்கிறது. பார்ட் பி-யைத் திருத்தினால் போதும். 26ஏஎஸ்-இல் 1,44,560-க்குக் குறைவாக இருந்தால் விஷயம் வேறு, அது இதைவிடத் தீவிரமானது. பிடித்த பணத்தைச் செலுத்தவில்லை, அல்லது செலுத்திவிட்டு வேறு பானுக்கு எதிரே காட்டியிருக்கிறார்கள். அங்கே பார்ட் ஏ-க்கான திருத்தம் வேண்டும். பிடித்த வரியைக் காலத்தில் செலுத்தாவிட்டால் மாதத்துக்கு 1.5 சதவீத வட்டி நிறுவனத்தின் தலையில் விழும் என்பதும், கிரிமினல் வழக்கு வரை போகக்கூடும் என்பதும் ஊதியப் பிரிவுக்கு நன்றாகவே தெரியும்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். "கூடுதல் டிடிஎஸ்-ஐத் திருத்துங்கள்" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால், சிலர் பார்ட் ஏ-யில் இருக்கும் 1,44,560-ஐ 1,09,200 என்று குறைத்துத் திருத்த அறிக்கை போட்டுவிட வாய்ப்பு உண்டு. சம்பளத்திலிருந்து போனது 1,44,560. சான்றிதழில் 1,09,200 மட்டும் இருந்தால் உங்களுக்கு ரீஃபண்ட் கேட்க எதுவுமே மிஞ்சாது. 35,360 ரூபாய் நிறுவனத்தின் செலானில் யாருக்கும் ஒதுக்கப்படாமல் கிடக்கும். அந்தத் தொகை வங்கிக் கணக்கில் உங்களுக்குத் திரும்பி வந்திருந்தால் ஒழிய, பிடித்த வரியைக் குறைத்துக் காட்டச் சம்மதிக்கக் கூடாது. திருத்த வேண்டியது சம்பளத் தொகை, கட்ட வேண்டிய வரி ஆகிய இரண்டு மட்டும். பிடித்த வரி அப்படியே இருக்க வேண்டும்.

புகாரை எழுதுவது

தொலைபேசியில் பேசுவதோ ஹெச்.ஆர். தளத்தில் டிக்கெட் போடுவதோ போதும் என்று நினைக்க வேண்டாம். டிக்கெட் போடலாம், அதன் எண்ணைக் குறித்துக்கொண்டு மின்னஞ்சலும் அனுப்புங்கள். டிக்கெட்டை யாரோ ஒருவர் "தீர்க்கப்பட்டது" என்று மூடிவிட முடியும், மின்னஞ்சலை மூட முடியாது. நிறுவனத்தின் நிதிப் பிரிவுக்கும் ஒரு நகல் போகட்டும். ஊதியப் பணியை வெளி நிறுவனத்திடம் ஒப்படைத்திருக்கும் இடங்களில், 24க்யூ தாக்கல் செய்வது பெரும்பாலும் நிதிப் பிரிவின் கையில்தான் இருக்கும். வேலையை விட்டுவிட்டவர்கள் தங்கள் சொந்த மின்னஞ்சலிலிருந்து பழைய ஊழியர் எண்ணைக் குறிப்பிட்டு எழுதலாம்.

கடிதத்தில் கோபமும் வேண்டாம், முழு வரிச் சட்டமும் வேண்டாம். என்ன பிழை, எங்கே தெரிகிறது, என்ன மாற வேண்டும், எது மாறக் கூடாது, எந்தத் தேதிக்குள் என்ற ஐந்தும் இருந்தால் போதும். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களும் இதே வரிசையைப் பின்பற்றலாம்.

> பொருள்: 2025-26 படிவம் 16, பார்ட் பி-யில் போனஸ் இரண்டு முறை சேர்க்கப்பட்டது – திருத்திய சான்றிதழ் கோருதல் – ஊழியர் எண் ____
>
> மதிப்பிற்குரிய ஊதியப் பிரிவினருக்கு,
>
> வணக்கம். 2025-26 நிதியாண்டுக்கான என் படிவம் 16, பார்ட் பி-யில் 17(1) பிரிவின்கீழ் மொத்தச் சம்பளம் ரூ. 17,70,000 என்று உள்ளது. ஏப்ரல் 2025 முதல் மார்ச் 2026 வரையான பே ஸ்லிப்களின்படி எனக்கு வழங்கப்பட்டது ரூ. 15,75,000. அதே படிவத்தின் பார்ட் ஏ-யில் நான்கு காலாண்டுத் தொகையின் கூட்டலும் ரூ. 15,75,000தான்.
>
> வித்தியாசமான ரூ. 1,95,000, ஜனவரி 2026-இல் வழங்கப்பட்ட போனஸ். ஜனவரி மாத வரிக் கணக்கீட்டுத் தாளில் இத்தொகை வழங்கியதாகவும் இனி வழங்கவிருப்பதாகவும் இரண்டு இடத்தில் உள்ளது. இதனால் ஆண்டு வரி ரூ. 1,09,200-க்குப் பதிலாக ரூ. 1,44,560 எனக் கணக்கிடப்பட்டு, ரூ. 35,360 அதிகமாகப் பிடிக்கப்பட்டுள்ளது.
>
> தாங்கள் செய்து தர வேண்டியவை: 24க்யூ நான்காம் காலாண்டு அறிக்கையின் இரண்டாம் இணைப்பில் என் மொத்தச் சம்பளத்தை ரூ. 15,75,000 எனவும், அதற்கான வரியை ரூ. 1,09,200 எனவும் திருத்தி, ட்ரேசஸ் தளத்திலிருந்து புதிய படிவம் 16 வழங்கவும். பிடித்த வரியாகப் பார்ட் ஏ-யில் உள்ள ரூ. 1,44,560 சரியானது. அதில் மாற்றம் எதுவும் செய்ய வேண்டாம். அதிகமாகப் பிடித்த தொகையை நான் ரிட்டர்ன் மூலம் கோரிக்கொள்கிறேன்.
>
> பிழையை உறுதிசெய்து ____ தேதிக்குள்ளும், திருத்த அறிக்கை தாக்கல் செய்ததற்கான ஒப்புகை எண்ணை ____ தேதிக்குள்ளும் தெரிவிக்க வேண்டுகிறேன்.
>
> இணைப்பு: பே ஸ்லிப்கள், ஜனவரி மாத வரிக் கணக்கீட்டுத் தாள், படிவம் 16, 26ஏஎஸ்.
>
> நன்றியுடன்,
> (பெயர், ஊழியர் எண், பான்)

"அதிகமாகப் பிடித்த தொகையை நான் ரிட்டர்ன் மூலம் கோரிக்கொள்கிறேன்" என்ற வரியை விட்டுவிடாதீர்கள். நாம் பணத்தைத்தான் கேட்கிறோம் என்று ஊதியப் பிரிவு நினைத்தால் உடனே தற்காப்புக்குப் போய்விடும். பணம் கேட்கவில்லை, ஒரு பதிவைத் திருத்தச் சொல்கிறோம் என்று தெரிந்தால் அவர்களுக்கும் செய்வது எளிது. முதல் பதிலுக்கு ஐந்து வேலை நாளும், திருத்த அறிக்கைக்கு மூன்று வாரமும் கேட்பது நியாயம்.

வரக்கூடிய பதில்கள்

"ரிட்டர்னில் நீங்களே சரியான சம்பளத்தைப் போட்டுக்கொள்ளுங்கள்" என்பது அதிகம் கேட்கும் பதில். போடத்தான் வேண்டும், ஆனால் வரித்துறையின் பதிவில் நிறுவனம் தந்த 17,70,000 இருக்கும். ரிட்டர்ன் படிவம் முன்கூட்டியே நிரப்பப்பட்டு வரும்போதும் அந்தத் தொகைதான் வரும். நீங்கள் 15,75,000 என்று மாற்றி ரீஃபண்டும் கேட்டால், சம்பளத்தைக் குறைத்துக் காட்டிப் பணம் கேட்பதுபோல அது தெரியும். ரீஃபண்ட் நிறுத்தி வைக்கப்படலாம், விளக்கம் கேட்கப்படலாம். இதை அப்படியே பதிலில் எழுதுங்கள்.

"அறிக்கை தாக்கல் ஆகிவிட்டது, இனி மாற்ற முடியாது" என்பது இன்னொன்று. முடியும். 24க்யூ-வுக்குத் திருத்த அறிக்கை என்ற ஏற்பாடு இதற்காகவே இருக்கிறது. ஊழியர் பெயரில் தவறான தகவலோடு அறிக்கை தருவதற்கு 271எச் பிரிவின்கீழ் 10,000 முதல் 1,00,000 ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் உண்டு. முதல் கடிதத்தில் இதை எழுத வேண்டாம். இரண்டாவது நினைவூட்டலிலும் பதில் வராவிட்டால், நிதிப் பிரிவுத் தலைவருக்கு எழுதும்போது ஒரே ஒரு வரியாகச் சேர்க்கலாம்.

மூன்றாவதாக, சிலர் நிறுவனத்தின் முத்திரையோடு ஒரு வேர்ட் கோப்பில் திருத்திய படிவத்தைத் தயாரித்து அனுப்பிவிடுவார்கள். அதை ஏற்கக் கூடாது. வரித்துறையின் பதிவு மாறாமல் காகிதம் மட்டும் மாறினால் அது உங்களுக்கு எந்த விதத்திலும் உதவாது.

திருத்திய படிவம் வந்ததும்

ட்ரேசஸ் சின்னமும் சான்றிதழ் எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். Last updated on என்ற இடத்தில் இருக்கும் தேதி, திருத்த அறிக்கை தாக்கல் செய்த தேதிக்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். பழைய தேதியே இருந்தால், பழைய கோப்பையே மறுபடி அனுப்பியிருக்கிறார்கள். பிறகு பார்ட் பி-யில் சம்பளம் 15,75,000, நிலைக்கழிவு 75,000, வரி செஸ்ஸோடு 1,09,200. பார்ட் ஏ-யில் பிடித்த வரி 1,44,560 மாறாமல் இருக்க வேண்டும். கடைசியாக 26ஏஎஸ்-ஐ மறுபடி இறக்கி, அதிலும் 1,44,560 இருப்பதை உறுதிசெய்யுங்கள். திருத்தம் ஏறும்போது வேறு ஏதாவது ஒரு காலாண்டு கலைந்துபோவது உண்டு, அதனால்தான் இந்தக் கடைசிப் பார்வை.

வராவிட்டால்

ரிட்டர்னுக்கான கடைசித் தேதி, வழக்கமாக ஜூலை 31, நெருங்கியும் திருத்திய படிவம் வரவில்லை என்றால் அதற்காகத் தாக்கலைத் தள்ளிப்போட வேண்டாம். உண்மையான சம்பளத்தைக் காட்டி, 1,44,560 வரி வரவையும் காட்டித் தாக்கல் செய்யுங்கள். படிவம் 16-இல் தவறாக இருக்கிறது என்பதற்காக வாங்காத சம்பளத்துக்கு யாரும் வரி கட்ட வேண்டியதில்லை. ஏஐஎஸ் பக்கத்தில் அந்தச் சம்பளத் தகவலுக்கு எதிரே, Information is not fully correct என்ற விருப்பத்தைத் தேர்ந்து சரியான தொகையைப் பதிவிடலாம். ஊதியப் பிரிவோடு நடந்த மின்னஞ்சல்கள், பே ஸ்லிப்கள், அந்த ஆண்டின் வங்கிக் கணக்கு அறிக்கை மூன்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். விளக்கம் கேட்டு வரித்துறை எழுதினால் அவைதான் உங்கள் பதில்.

26ஏஎஸ்-இல் வரியே குறைவாக இருக்கிற வழக்கில் நிலைமை கொஞ்சம் கடினம். சம்பளத்திலிருந்து வரி பிடித்துவிட்ட பிறகு அதே தொகையை ஊழியரிடம் நேரடியாகக் கேட்கக் கூடாது என்று 205-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனாலும் ரிட்டர்னைப் பரிசீலிக்கும் கணினி 26ஏஎஸ்-இல் இருப்பதை மட்டுமே வரவு வைக்கும், மீதிக்குக் கேட்பு அறிவிப்பு வந்துவிடும். அப்போது பே ஸ்லிப்களைக் காட்டி 205-ஆம் பிரிவைச் சுட்டிக் கேட்பை மறுக்க வேண்டும். கூடவே வரி பிடிப்பதற்காக நிறுவனத்துக்குத் தரப்பட்ட டான் எண் எந்த டிடிஎஸ் அதிகாரியின் வரம்பில் வருகிறது என்பதை வருமான வரித் தளத்தின் Know TAN Details பக்கத்தில் பார்த்து, அவருக்கு எழுத்தில் புகார் கொடுக்கலாம். டான் எண் படிவம் 16-இன் முதல் பக்கத்திலேயே இருக்கும். அதே தளத்தின் குறைதீர்ப்புப் பகுதியிலும் பதியலாம்.

ரீஃபண்ட் விஷயத்தில் இன்னும் ஒன்று. காலத்தில் ரிட்டர்ன் தாக்கல் செய்தவருக்கு, அதிகமாகப் பிடித்த தொகைக்கு நிதியாண்டு முடிந்த ஏப்ரல் 1-லிருந்து மாதம் 0.5 சதவீத வட்டி கிடைக்கும். ரீஃபண்ட், கட்ட வேண்டிய வரியில் 10 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் வட்டி இல்லை. நம் உதாரணத்தில் 1,09,200-க்கு 35,360 என்பதால் வட்டி உண்டு. அந்த வட்டிக்கும் வரி உண்டு. அது கைக்கு வந்த ஆண்டின் ரிட்டர்னில் பிற வருமானத்தின்கீழ் அதைக் காட்ட வேண்டும்.